ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கிறீர்கள்... நாற்காலிக்கு?

சாயங்காலம் நாலு மணி. ஆபீஸ் நாற்காலியில் இருந்து எழப் போகிறீர்கள். இடுப்பில் சுரீர் என்று ஒரு பிடிப்பு! மேஜையைப் பிடித்துக்கொண்டு, கூன் விழுந்த பாட்டி மாதிரி மெதுவாக நிமிர்கிறீர்கள். பக்கத்து சீட்காரர், "என்ன சார், வயசாயிடுச்சா?" என்று சிரிக்கிறார். நீங்களும் சிரித்து வைக்கிறீர்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, தைலத்தைத் தேடுவதுதான். இல்லையா?

முதுகுவலிக்கு என்று நம் வீடுகளில் செலவாகும் பணம் கொஞ்ச நஞ்சம் அல்ல. தைலம், பெல்ட், மாத்திரை, ஸ்கேன். கடைசியில், "நல்ல சேர் ஒண்ணு வாங்கிட்டா சரியாயிடும்" என்று பதினைந்தாயிரம், இருபதாயிரம் கொடுத்து ஒரு சுழல் நாற்காலி. அதற்கப்புறமும் வலி போகவில்லை என்றால்? "நம்ம தலையெழுத்து" என்று விட்டுவிடுகிறோம்.

பல வருடங்களாக பிசியோதெரபி செய்து வருகிற என்னைக் கேட்டால், குற்றவாளி நாற்காலியின் விலை அல்ல, அதன் அளவு என்பேன். ஜாக்கெட் தைக்கும்போது தோள், கை, இடுப்பு என்று எத்தனை அளவு எடுக்கிறோம்! கால் இஞ்ச் பிசகினால் டெய்லரிடம் சண்டை போடுகிறோம். ஆனால் தினம் எட்டு மணி நேரம் உட்காருகிற நாற்காலிக்கு மட்டும் ஐந்தடி அம்மாவுக்கும் ஆறடி ஐயாவுக்கும் ஒரே அளவு! இது எந்த ஊர் நியாயம்?

ஒரு அம்மாவின் கதை

சமீபத்தில் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். வயது 41, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். தனியார் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருந்தே லேப்டாப்பில் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஆரம்பத்தில் சாயங்காலம் மட்டும் வந்தது, அப்புறம் மதியமே வர ஆரம்பித்தது. கணவர் பார்த்துப் பார்த்து ஒரு விலை உயர்ந்த சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். ஒரு மாதத்தில் வலி கூடிவிட்டது!

"வேலையை விட்டுடலாம்னு பார்க்கறேன் டாக்டர். பையன் பிளஸ் டூ. அவன் காலேஜ் ஃபீஸை நினைச்சாத்தான் பயமா இருக்கு" என்றார். கண் கலங்கிவிட்டது.

அவரைப் பரிசோதித்ததில் பயப்படும்படியாக ஏதும் இல்லை. காலில் பலம் நன்றாக இருந்தது, மரத்துப்போதல் இல்லை. அதனால், "உங்க நாற்காலியை நான் பார்க்கணுமே" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு இஞ்ச் டேப்போடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"எப்பவும் எப்படி வேலை பார்ப்பீங்களோ, அப்படியே உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, பக்கவாட்டில் நின்று பார்த்தேன். அவ்வளவுதான், விஷயம் புரிந்துவிட்டது. இருபதாயிரம் ரூபாய் நாற்காலியின் சாய்மானத்தை அவர் முதுகு தொடவே இல்லை! நாற்காலியின் நுனியில், பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

ஏன் நுனியில் உட்கார்ந்தார்? மூன்று காரணங்கள்.

முதலாவது, இருக்கையின் ஆழம். முன் விளிம்பில் இருந்து சாய்மானம் வரை 20 அங்குலம் இருந்தது. நன்கு வளர்ந்த ஆண்பிள்ளைக்கு அது சரி. இந்த அம்மாவுக்கு, பின்புறத்தில் இருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை 18 அங்குலம்தான். பின்னால் தள்ளி உட்கார்ந்தால் இருக்கையின் விளிம்பு முழங்கால் மடிப்பில் குத்தும். அது பொறுக்காமல் தானாகவே முன்னால் நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது, மேஜை. அது சாப்பாட்டு மேஜை, உயரம் 30 அங்குலம். நாற்காலியை 18 அங்குலத்தில் வைத்திருந்தார். அதில் உட்கார்ந்து கையை மடக்கினால் அவர் முழங்கை தரையில் இருந்து 27 அங்குலத்தில் நின்றது. மேஜையோ மூன்று அங்குலம் மேலே! அதனால் நாள் முழுக்கத் தோளைத் தூக்கிக்கொண்டே டைப் அடித்திருக்கிறார்.

மூன்றாவது, நாற்காலியின் கைப்பிடி. அது மேஜை விளிம்பில் இடித்ததால் நாற்காலியை உள்ளே இழுக்க முடியவில்லை. நாற்காலி கிட்டே வராவிட்டால் உடம்புதானே கிட்டே போக வேண்டும்? போயிற்று!

குனிந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்?

முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே டிஸ்க் என்கிற மெத்தை மாதிரியான தட்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்த நிலையில் அவற்றின் மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆராய்ச்சியாளர்கள் ஒரு அளவீடு வெளியிட்டார்கள். தானாக முன்வந்த ஒருவரின் இடுப்பு டிஸ்க்கிலேயே சின்ன கருவியைச் செலுத்தி அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், உட்கார்ந்து நன்றாக முன்னால் குனிந்தபோது அது சுமார் 165 ஆனது. அதே மனிதர் நாற்காலியில் சாய்ந்து தளர்ந்து உட்கார்ந்தபோது ஏறக்குறைய 55-க்கு இறங்கிவிட்டது!

ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த அளவு என்பதை மறக்கக் கூடாது. அழுத்தம் மட்டுமே வலி ஆகிவிடுவதும் இல்லை. ஆனாலும், "நேரா, விறைப்பா உட்காரு!" என்று ஸ்கூலில் இருந்து நமக்குச் சொல்லி வந்த பாடத்தை அது கொஞ்சம் அசைத்துப் பார்க்கிறது. போலீஸ் அணிவகுப்பு மாதிரி விறைத்து உட்கார்ந்தால் முதுகுத் தசைகள் அரை மணியில் களைத்துவிடும். களைத்ததும் மறுபடி கூன்தான். முதுகைத் தூக்கிப் பிடிப்பது உங்கள் வேலை அல்ல, சாய்மானத்தின் வேலை. அதனிடம் முதுகை ஒப்படைத்துவிடுங்கள். சாய்மானம் செங்குத்தாக இல்லாமல், சற்றே பின்னால் சரிந்து இருக்கட்டும்.

அளவு எடுக்கும் வரிசை

இந்த அம்மாவுக்குச் செய்ததையே சொல்கிறேன். வரிசை முக்கியம். பலரும் கால் தரையில் படுகிற மாதிரி முதலில் நாற்காலியை இறக்கிவிடுகிறார்கள். மேஜை உயரத்தை மாற்ற முடியாத நம் வீடுகளில் அது தப்பு. முழங்கையில்தான் ஆரம்பிக்க வேண்டும்.

முதலில் முழங்கை. தோளைத் தளர்த்தி, கையை மடக்கி வைத்துக்கொண்டு, முழங்கை மேஜை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்தினோம். அவருக்கு 18-ல் இருந்து 21 அங்குலம் ஆயிற்று. உயர்த்த முடியாத சாதா நாற்காலி என்றால், அமுங்கிப் போகாத கெட்டியான குஷன் போடலாம். பஞ்சுத் தலையணை வேண்டாம், பத்து நிமிஷத்தில் அப்பளம் ஆகிவிடும்!

அடுத்து பாதம். உயர்த்தியதும் கால் தொங்கியது. தொங்கும் கால் தொடையின் அடிப்பக்கத்தை அழுத்தும். பிறகு ஆள் நுனிக்கு வந்துவிடுவார், பழைய கதைதான். அவருக்கு வேண்டியிருந்தது ஐந்தரை அங்குலப் பலகை. பழைய செய்தித்தாள்களை அந்த உயரத்துக்கு அடுக்கி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி வைத்தோம். செலவு, பூஜ்யம்! இரண்டு பாதமும் முழுசாகப் படிகிற அகலம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது முதுகு. பின்னால் தள்ளி உட்கார்ந்தால் முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இவருக்கு நுழையவில்லை. அதனால் சாய்மானத்தில் மூன்று அங்குல தடிமனுக்கு ஒரு கெட்டி குஷன் வைத்து ஆழத்தைக் குறைத்தோம். இடுப்புப் பட்டி வருகிற இடத்துக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் குழிவில், சுருட்டிய சின்ன டவல். கை மணிக்கட்டு தடிமன் போதும். பெரிய உருளையாக வைத்தால் அதுவே வலியைக் கிளப்பும்.

நாலாவது கண். லேப்டாப் ஒரு விசித்திரமான பிராணி. திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தினால் விசைப்பலகை எட்டாது, விசைப்பலகை எட்டினால் கழுத்து குனியும். தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கச் சொன்னேன். இந்தக் கதையில் பணம் செலவானது இதற்கு மட்டும்தான். லேப்டாப்பைப் பழைய கணக்கு லெட்ஜர்களின் மேல் ஏற்றி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி, கை நீட்டினால் தொடும் தூரத்தில் வைத்தோம்.

இதில் நாற்பது தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பைஃபோகல் அல்லது புரோக்ரசிவ் கண்ணாடி போட்டிருக்கிறீர்களா? கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்குவீர்கள், கழுத்து வலிக்கும். உங்களுக்கு மட்டும் திரை இரண்டு மூன்று அங்குலம் தாழ்ந்தே இருக்கட்டும்.

கடைசியாகக் கைப்பிடி. ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்துப் பரண் மேல் போட்டாயிற்று! நாற்காலி ஜோராக மேஜைக்குள் போய்விட்டது.

அந்த அம்மாவின் கணவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இருபதாயிரம் தண்டமா சார்?" என்றார் பாவமாக. "இல்லை சார், இனிமேதான் அது பிரயோஜனம்" என்றேன்.

ஆனால் நாற்காலி மட்டும் போதாது

இங்கேதான் என் கட்சியை அழுத்திச் சொல்ல வேண்டும். எவ்வளவு அளவாக அமைத்தாலும், அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருப்பது நாற்காலியை விடப் பெரிய வைத்தியம்.

"ஞாபகம் வரணுமே!" என்பீர்கள். இந்த அம்மாவுக்கு நான் சொன்ன யோசனை சின்னது. மேஜையில் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு, ஒரு சின்ன டம்ளர் வைக்கச் சொன்னேன். தீர்ந்தால் எழுந்து போய்த்தானே ஆக வேண்டும்? போன் வந்தால் நின்றபடியே பேச வேண்டும் என்பது இரண்டாவது விதி.

எழுந்த கையோடு செய்ய மூன்று பயிற்சிகள் உண்டு. மொத்தமே நாலைந்து நிமிஷம்தான். முதலாவதை ஒவ்வொரு தடவை எழும்போதும், மற்ற இரண்டை நாளைக்கு இரண்டு மூன்று தடவையும் செய்யலாம்.

ஒன்று, பின்னால் வளைதல். கால்களைச் சற்று அகட்டி நில்லுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பின் பின்பக்கம் வைத்து, முழங்காலை மடக்காமல், முடிந்த அளவு பின்னால் சாயுங்கள். இரண்டு விநாடி நின்று நேராக வாருங்கள். ஐந்தாறு தடவை. மூச்சை அடக்க வேண்டாம். தலைசுற்றல் உள்ளவர்கள் இடுப்பை மேஜை விளிம்பில் சார்த்திக்கொண்டு செய்யலாம்.

இரண்டு, தொடை முன்பக்க நீட்டல். உட்கார்ந்தே இருப்பதால் இடுப்புக்கு முன்னால் உள்ள தசைகள் இறுகிவிடுகின்றன. மேஜையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வலது காலை ஓர் அடி பின்னால் வையுங்கள், குதிகால் தூக்கியே இருக்கட்டும். முன் காலை லேசாக மடக்கி, பின்புறத் தசையை இறுக்குங்கள். வலது தொடையின் மேற்பகுதியில் இழுப்பது தெரியும். 20 முதல் 30 விநாடி. பிறகு அடுத்த கால். இடுப்பைப் பின்னால் வளைத்துவிட்டால் இழுப்பு தொடையில் இருக்காது, முதுகில் இருக்கும். அப்படித் தெரிந்தால் தப்பாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்று, நாலு போடுதல். நாற்காலியில் உட்கார்ந்து, வலது கணுக்காலை இடது முழங்கால் மேல் வையுங்கள். கால்கள் '4' மாதிரி இருக்கும். முதுகைக் கூனாக்காமல், நெஞ்சை மெதுவாக முன்னால் கொண்டு போனால் வலது பின்புறத்தில் இழுப்பு வரும். 20 முதல் 30 விநாடி, அடுத்த பக்கமும் அப்படியே. சக்கர நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்துக்கொண்டு செய்யுங்கள், உருண்டு விழாதீர்கள்! முழங்கால் வலி உள்ளவர்களும், இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் இதை விட்டுவிடலாம்.

இத்துடன் வீட்டில் ஒன்றே ஒன்று. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் மேலே தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துங்கள். பத்து தடவை. முதல் மூன்றும் இறுக்கத்தைத் தளர்த்த, இது பலம் சேர்க்க. இரண்டும் வேண்டும்.

சரியாகப் போகிறதா, தப்பாகப் போகிறதா?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நியூசிலாந்து நாட்டு பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்ஸி கவனித்துச் சொன்னது. பயிற்சி செய்யும்போது தொடையிலோ காலிலோ இருந்த வலி மேலே ஏறி இடுப்பின் நடுவுக்கு வந்தால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் கூட, அது நல்ல சகுனம். மாறாக, இடுப்பில் இருந்த வலி பின்புறம், தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்துங்கள். 'இழுத்தால்தான் சரியாகும்' என்று பல்லைக் கடித்துச் செய்யக் கூடாது.

வயதானவர்களில் சிலருக்கு நடந்தால் கால் கடுத்து, குனிந்தால் சுகமாக இருக்கும். நரம்பு போகும் பாதை குறுகியிருக்கலாம். இவர்களுக்குப் பின்னால் வளைவது ஒத்துக்கொள்ளாது.

இன்னும் சில விஷயங்களில் நாற்காலி, பயிற்சி என்று நாளைக் கடத்தக் கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போவது, தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்து செருப்பு நழுவுவது... இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியாக இருந்தாலும் சரி. காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பின் வரும் வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி, இவற்றையும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பெல்ட் போடலாமா?

தினமும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி. நாள்பட்ட இடுப்புவலிக்காக 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் அப்படியே. பயிற்சிக்கும் வலியைப் பற்றிப் புரிய வைப்பதற்கும் அதில் இடம் உண்டு. 'பத்து நாள் கட்டையில் படுத்துக்கிட' என்கிற பழைய யோசனையும் வேண்டாம். வலி கடுமையாக இருந்தால் ஒரு நாள் இரண்டு நாள் ஓய்வு எடுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசைதான் தளரும்.

சரி, அந்த அம்மா என்ன ஆனார்? முதல் வாரம், "உயரமா உட்கார்ந்தது ஏதோ மாதிரி இருக்கு. தொடையெல்லாம் வலிக்குது" என்று குறைப்பட்டார். அது புது அசைவின் வலி. மூன்றாம் வாரம் நாலு மணி வலி பாதியாகக் குறைந்திருந்தது. அப்புறம் மார்ச் மாதக் கணக்கு முடிப்பு வந்தது. மூன்று நாள், தினமும் பதினோரு மணி நேரம், டம்ளரும் இல்லை எழுந்திருப்பதும் இல்லை. வலி பழையபடி திரும்பிவிட்டது! நாற்காலி அதே நாற்காலி, அளவும் அதே அளவு. எது குறைந்தது என்று அவருக்கே புரிந்துவிட்டது. டம்ளர் திரும்ப மேஜைக்கு வந்தது, பத்து நாளில் வலி அடங்கியது. இப்போதும் அதிகமாக உட்கார்ந்தால் லேசாக எட்டிப் பார்க்கிறதாம். ஆனால் வேலையை விடும் பேச்சு இல்லை. பையன் காலேஜில் சேர்ந்துவிட்டான்.

ஆபீஸ் நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஐம்பது நாற்காலியை ஒரே அளவில் மொத்தமாக வாங்கிப் போடுகிறீர்கள். கூடவே பத்துப் பாதப் பலகையும் வாங்குங்கள். குள்ளமான பெண்கள் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நுனியிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

புது நாற்காலிக்குக் கடை ஏறுவதற்கு முன்னால், வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, நீங்கள் வேலை செய்யும்போது பக்கவாட்டில் நின்று ஒரு நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். முதுகு சாய்மானத்தைத் தொடுகிறதா? பாதம் தரையில் படிகிறதா? தோள் காதை நோக்கித் தூக்கியிருக்கிறதா? தையல் பெட்டியில் இருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்துக் கொடுங்கள். மிச்சத்தை அது சொல்லிவிடும்!